முழுத் தீர்ப்பையும் படிக்குமா, அஞ்சு துண்டு மட்டும் பார்க்குமா? அஸ்தம்பட்டி வக்கீல் ஆபீஸில் ஒரு ஏ.ஐ பரிசோதனை

சேலம் அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருக்கிறது அந்த வக்கீல் ஆபீஸ். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுவது பழைய காகித வாசனை. மூன்று இரும்பு பீரோ, அது போதாமல் தரையில் கட்டுக்கட்டாக வழக்குக் கட்டுகள். நடுவில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப்.

அந்த லேப்டாப்பில்தான் கதை. வக்கீல் மேடத்தின் தம்பி பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார். லீவுக்கு ஊருக்கு வந்தவர், அக்காவுக்காக ஒரு சின்ன ஏ.ஐ கருவி செய்து கொடுத்தார். தீர்ப்பு பி.டி.எஃப்-களை அதில் ஏற்றிவிட்டு, தமிழில் கேள்வி கேட்டால் தமிழிலேயே பதில் வரும். முதல் வாரம் ஆபீஸே குஷியாக இருந்தது. இரண்டாவது வாரம் பூலாவரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

"எட்டு வழி ரோட்டுக்குன்னு நோட்டீஸ் விட்டுட்டு பட்டாவுல பேரை மாத்துனாங்களே கண்ணு... அது செல்லுமா, செல்லாதா? சுப்ரீம் கோர்ட்டு என்னதான் சொல்லுச்சு?"

ஜூனியர் வக்கீல் கேள்வியை அப்படியே டைப் செய்தார். பதில் பத்து நொடியில் வந்தது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் வெளியிட்ட அறிவிப்பு செல்லாது, ஆகவே நிலம் எடுப்பு ரத்து என்று, நல்ல தமிழில், உறுதியான தொனியில். பெரியவர் முகம் மலர்ந்தது. மேடம் முகம் மாறியது. அந்தத் தீர்ப்பை அவர் முழுக்கப் படித்தவர். அதில் இருப்பது வேறு.

"தப்பா சொல்லுதுன்னா கூட பரவாயில்லீங்க. தீர்ப்புக்குள்ள இருக்குற வரியை வெச்சே தப்பா சொல்லுது. அதான் எனக்கு பயமா போச்சு" என்றார் என்னிடம். நான் அங்கே போனது அந்த வரி எப்படி அங்கு வந்தது என்று பார்க்கத்தான்.

தீர்ப்பு என்ன சொன்னது?

சேலத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை, 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள் வழியாக. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ல் நிலம் எடுப்பதற்கு வரிசையாகப் படிகள் உண்டு. முதல் படி பிரிவு 3ஏ: 'இந்த நிலத்தை எடுக்க நினைக்கிறோம்' என்று அரசு அறிவிப்பது. நிலத்தில் உரிமை உள்ளவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம், அது 3சி. ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு வருவது 3டி. அந்த அறிவிப்பு வந்தால்தான் நிலம் மத்திய அரசுக்குச் சேரும்.

2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் 3ஏ அறிவிப்புகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வந்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான காரணம். வருவாய்ப் பதிவேட்டில் மாற்றிய பெயர்களைத் திரும்பப் பழையபடி ஆக்கவும் சொன்னது.

2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பாதி மாற்றியது. 3ஏ அறிவிப்பு வெளியிடும் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன் இருந்தால் போதும் என்றது. ஆகவே அறிவிப்புகள் செல்லும். ஆனால் வெறும் 3ஏ அறிவிப்பை வைத்துப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு, பழைய உரிமையாளர் பெயரையே திரும்ப எழுத வேண்டும் என்ற பகுதியை அப்படியே நிலைநிறுத்தியது.

அதாவது பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் இரண்டு பாதி. அறிவிப்பு செல்லும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பட்டாவில் பெயரை மாற்றியது செல்லாது. ஒரு பாதியை மட்டும் சொன்னால், எந்தப் பாதியைச் சொன்னாலும், அவர் தப்பான நம்பிக்கையோடோ தப்பான பயத்தோடோதான் வீட்டுக்குப் போவார். (இது 2020 தீர்ப்பின் கதை மட்டுமே. உங்கள் சர்வே எண்ணின் இன்றைய நிலைக்கு வில்லங்கச் சான்றும் ஒரு வக்கீலும்தான் வழி.)

அஞ்சு துண்டு எங்கிருந்து வந்தது?

தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அவர் செய்திருந்த முறைக்குப் பெயர் ரேக். 2020-ல் ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த பேட்ரிக் லூயிஸும் சகாக்களும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வைத்த பெயர் அது. 'தேடி எடுத்து, அதை வைத்து எழுதுவது' என்று தமிழில் சொல்லலாம்.

ஏன் தேடி எடுக்க வேண்டும்? ஏ.ஐ மாடல் ஒரே நேரத்தில் கண் முன் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை கான்டெக்ஸ்ட் என்கிறார்கள். நம்ம மேஜை மாதிரி. பீரோவில் எவ்வளவு கட்டு இருந்தாலும் மேஜையில் விரித்து வைத்ததைத்தான் பார்த்துப் பேச முடியும். மேஜையை அளக்கும் அலகு டோக்கன். ஆங்கிலத்தில் 75 வார்த்தைக்குச் சுமார் 100 டோக்கன் என்பது பொதுவான கணக்கு. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த காலத்தில் இந்த மேஜை நாலாயிரம் டோக்கன் அளவுதான், அதாவது மூவாயிரம் வார்த்தை. தீர்ப்பில் பத்துப் பக்கம் வைத்தாலே நிரம்பிவிடும். அன்றைக்குத் துண்டு துண்டாக எடுப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

தம்பியின் கருவி தீர்ப்பை ஐந்நூறு வார்த்தைத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டின் அர்த்தத்தையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி வைக்கிறது. இதற்கு எம்பெடிங் என்று பெயர். அர்த்தம் பக்கத்தில் இருந்தால் எண்களும் பக்கத்தில் இருக்கும். கேள்வி வந்ததும் அதையும் எண்ணாக்கி, நெருக்கமான அஞ்சு துண்டை மட்டும் எடுத்து மாடலிடம் கொடுக்கிறது. மாடல் அந்த அஞ்சையும் படித்துப் பதில் எழுதுகிறது.

அந்தத் தீர்ப்பு நூறு பக்கத்தைத் தாண்டும். கணக்குக்கு 35,000 வார்த்தை என்று வைத்துக்கொள்வோம். எழுபது துண்டு. அதில் மாடல் பார்ப்பது அஞ்சு. மீதி 65 துண்டு இருப்பதே அதற்குத் தெரியாது.

சரி, எந்த அஞ்சு? பெரியவர் கேள்விக்கு எடுக்கப்பட்ட துண்டுகளைத் திரையில் வரவழைத்துப் படித்தோம். அங்கேதான் விஷயம் பிடிபட்டது.

நம்ம ஊர்த் தீர்ப்புகளின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் வழக்கின் கதை. பிறகு கீழ்க் கோர்ட் என்ன சொன்னது என்று பல பக்கம். பிறகு ஒரு தரப்பு வாதம், எதிர்த்தரப்பு வாதம். அதற்குப் பிறகுதான் நீதிபதிகள் 'நாங்கள் என்ன நினைக்கிறோம்' என்று ஆரம்பிப்பார்கள். இறுதி உத்தரவு கடைசிப் பக்கங்களில். நடுவில் 'அனுமதி முதலில் வேண்டும்' என்று யாரோ ஒருவர் சொல்வதாக ஒரு பத்தி வரும். அது யார் சொன்னது என்பது அந்தப் பத்தியில் இருக்காது. மூன்று பக்கம் முன்னால், 'மனுதாரர் தரப்பு வக்கீல் வாதிட்டதாவது' என்று ஒரே ஒரு முறை சொல்லியிருப்பார்கள். கத்தரிக்கோல் விழும்போது அந்தத் தலைப்பு ஒரு துண்டோடும், வாதம் இன்னொரு துண்டோடும் போய்விடுகிறது.

எடுக்கப்பட்ட அஞ்சில் மூன்று துண்டு அப்படிப்பட்டவை. உயர் நீதிமன்றத்தின் காரணங்களும், நில உரிமையாளர்கள் தரப்பு வாதங்களும். உச்ச நீதிமன்றம் மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன பகுதி, தலையும் வாலும் இல்லாமல் வந்து, உச்ச நீதிமன்றமே சொன்ன மாதிரி மாடல் முன் நின்றது. மாடல் பொய் சொல்லவில்லை. கையில் கொடுத்த அஞ்சு காகிதத்தில் இருந்ததைத்தான் சொன்னது.

இரண்டாவது கோளாறு இன்னும் நுணுக்கமானது. பெரியவர் கேட்டது 'பட்டா'. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் அந்த இடத்தில் வரும் சொல் 'மியூட்டேஷன் என்ட்ரீஸ்'. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம் என்று பொருள். நமக்கு இரண்டும் ஒரே சமாசாரம். எண் வரிசைக்கு அந்த நெருக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. பெரியவருக்கு உண்மையில் தேவைப்பட்ட கடைசிப் பக்கத் துண்டு பன்னிரண்டாவது இடத்தில் கிடந்தது. மேலே உள்ள அஞ்சு மட்டும் போனதால் அது மேஜைக்கே வரவில்லை.

எல்லாவற்றையும் மேஜையில் வைத்தால்?

"இப்போ மேஜை பெருசாயிடுச்சே. பேசாம முழுசையும் வெச்சுட வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். கேட்கும்போது எனக்கே புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

மேஜை பெரிதாகிவிட்டது உண்மை. 2024 பிப்ரவரியில் கூகுள் அறிவித்த ஜெமினி 1.5 ப்ரோ பத்து லட்சம் டோக்கன் வரை தாங்கும் என்றார்கள். வேறு பல மாடல்களும் இரண்டு லட்சம் வரை தாங்குகின்றன. நம்ம 35,000 வார்த்தைத் தீர்ப்பு சுமார் 47,000 டோக்கன்தான். தாராளமாக இடம் இருக்கிறது.

தம்பி அன்று மாலையே அதைச் செய்து காட்டினார். தேடல் கிடையாது, வெட்டு கிடையாது. முழுத் தீர்ப்பும், கீழே பெரியவரின் கேள்வியும். பதிலில் இரண்டு பாதியும் வந்தன. அறிவிப்பு செல்லும் என்றும், பெயரைத் திரும்ப எழுத வேண்டும் என்றும், பத்தி எண்ணோடு. மேடம் பத்தி எண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

இப்படி வந்ததற்குக் காரணம் உண்டு. 'மனுதாரர் தரப்பு வாதிட்டதாவது' என்ற வரியும் மேஜையில் இருக்கிறது, அதற்குப் பின்னால் வரும் வாதமும் இருக்கிறது, 'இதை நாங்கள் ஏற்கவில்லை' என்ற பிற்பாடு வரும் வரியும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்க வாய்ப்புக் கிடைத்தது.

அப்படியானால் ரேக்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மேடம் எதுவும் சொல்லாமல் பீரோவைக் காட்டினார். முப்பது வருடக் கட்டுகள். ஒரு கட்டில் நூறு பக்கம் என்றாலும் ஆயிரம் கட்டுக்கு ஒரு லட்சம் பக்கம். எந்த மேஜையும் தாங்காது. தாங்கினாலும் காசு தாங்காது.

காசுக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். பத்து லட்சம் டோக்கனுக்கு 3 டாலர் என்ற விலையுள்ள மாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தீர்ப்பையும் வைத்து ஒரு கேள்வி கேட்டால் சுமார் 14 சென்ட், நம்ம காசில் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். அஞ்சு துண்டு மட்டும் என்றால் ஒரு ரூபாய்க்குள். ஒரு கட்சிக்காரரின் நிலத்துக்காகக் கேட்கும் ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு ரூபாய் ஒரு டீ விலைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் கேட்கும் அரசு உதவி எண்ணுக்கு அது பன்னிரண்டாயிரம். ஒரே ஆவணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அதை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த கேள்விகளுக்குக் குறைந்த விலை போடும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்த இடைவெளி பெரிதும் சுருங்கும்.

தமிழ் ஆவணம் என்றால் இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. மாடல்கள் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தைவிடச் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைக்கின்றன. அதனால் ஒரே விஷயத்துக்கு டோக்கன் அதிகம் ஆகும். முன்பு ரொம்ப மோசம். 2024 மே மாதம் ஓப்பன் ஏ.ஐ தன் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது காட்டிய உதாரணத்தில், ஒரே தமிழ் வாக்கியத்துக்குப் பழைய முறையில் 116 டோக்கன் ஆனது புதிய முறையில் 35 ஆகக் குறைந்திருந்தது. அப்படிக் குறைந்த பிறகும், நூறு பக்கத் தமிழ்ப் பத்திரம் நூறு பக்க ஆங்கிலத் தீர்ப்பைப் போல மேஜையில் லேசாக உட்காராது. ஏற்றும் முன் உங்கள் மாடலில் அது எத்தனை டோக்கன் வருகிறது என்று அளந்து பார்த்துவிடுவது நல்லது.

நடுவில் தொலைவது

முழுசாக வைப்பதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மேஜையில் இருக்கிறது என்பதும் கவனமாகப் படித்தாயிற்று என்பதும் வேறு வேறு.

2023-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நெல்சன் லியூ உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். பத்து, இருபது, முப்பது ஆவணங்களை வரிசையாகக் கொடுத்து, பதில் உள்ள ஆவணத்தை ஒருமுறை முதலிலும், ஒருமுறை நடுவிலும், ஒருமுறை கடைசியிலும் வைத்துக் கேட்டார்கள். முதலிலும் கடைசியிலும் இருந்தால் மாடல்கள் நன்றாகக் கண்டுபிடித்தன. நடுவில் இருந்தால் தடுமாறின. அன்றைய ஒரு மாடல், ஆவணமே கொடுக்காமல் கேட்டபோது சொன்ன அளவுக்குக்கூட நடுவில் இருந்ததைச் சரியாகச் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் கிடைக்கும் கவனம் நடுப் பந்திக்குக் கிடைக்காத மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். புதிய மாடல்கள் இதில் நிறையத் தேறியிருக்கின்றன. இருந்தாலும் மேஜை நிறைய நிறைய, கவனம் சிதறும் போக்கு முழுசாகப் போய்விடவில்லை.

அஸ்தம்பட்டி ஆபீஸிலும் இதை ஒரு வடிவத்தில் பார்த்தோம். உற்சாகத்தில் தம்பி உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு உயர் நீதிமன்றத் தீர்ப்பையும், நிலம் எடுப்பு பற்றிய வேறு சில தீர்ப்புகளையும் சேர்த்து ஒரே மூச்சில் வைத்தார். இடம் இருந்தது. பதில் குழம்பியது. ஒரு தீர்ப்பின் காரணத்தை இன்னொரு தீர்ப்பின் முடிவோடு ஒட்டிவிட்டது. எல்லாமே ஒரே நிலம், ஒரே பிரிவு, ஒரே மாதிரி வாக்கியம். ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் 'இது உயர் நீதிமன்றம், 2019', 'இது உச்ச நீதிமன்றம், 2020, முந்தையதைப் பாதி மாற்றியது' என்று எழுதி வைத்துப் பிரித்த பிறகுதான் தெளிந்தது.

கடைசியில் எப்படி முடிவு செய்தார்கள்?

இரண்டு வேலைகளைப் பிரித்துவிட்டார்கள். எந்தக் கட்டு என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதற்குத் தேடல். கண்டுபிடித்த கட்டைப் படிப்பது இன்னொரு வேலை. அதற்குத் துண்டு வேண்டாம், அந்த ஆவணத்தையே முழுசாக மேஜைக்குக் கொண்டுவருவது. பீரோவைத் துழாவும் கிளார்க்கையும், கட்டைப் பிரித்துப் படிக்கும் வக்கீலையும் தனித்தனி ஆளாக வைத்த மாதிரி.

தேடலிலும் சில திருத்தங்கள். எம்பெடிங்குக்கு '3ஏ'-வும் '3டி'-யும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் ஒரே சட்டத்தில் ஒரே மாதிரி வாக்கியத்தில் வருபவை. ஆனால் ஒன்று அறிவிப்பு, மற்றது நிலமே கைமாறும் கட்டம். இப்படிப்பட்ட எண்கள், சர்வே எண்கள், வழக்கு எண்களுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் பழைய பாணித் தேடல்தான் கை கொடுக்கிறது. இப்போது இரண்டு தேடலையும் ஓட்டி, முடிவுகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 'பட்டா' என்று கேட்டால் 'மியூட்டேஷன்', 'ரெவென்யூ ரெகார்ட்ஸ்' ஆகியவற்றையும் சேர்த்துத் தேட ஒரு சின்ன அகராதி. அதை எழுதியவர் மேடம். தம்பிக்கு அந்தச் சொற்கள் தெரியாது.

மூன்றாவது திருத்தம், ஒவ்வொரு துண்டுக்கும் தலையில் ஒரு வரி விலாசம். 'இந்தப் பகுதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வருவது; நில உரிமையாளர்கள் தரப்பு வாதத்தைச் சொல்கிறது' என்பது போல. இந்த யோசனையை 2024 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ஒரு கட்டுரையாக வெளியிட்டது. அதே கட்டுரையில் ஒரு எளிய அளவுகோலும் இருக்கிறது. உங்களிடம் உள்ள மொத்த எழுத்தே இரண்டு லட்சம் டோக்கனுக்குள், சுமார் 500 பக்கத்துக்குள் என்றால், தேடல் கருவி செய்யும் வேலையே வேண்டாம், முழுசையும் வைத்துவிடலாம் என்கிறார்கள்.

பக்க எண்ணிக்கையைவிட எனக்குப் பயன்பட்டது மேடம் சொன்ன பாகுபாடு. கேள்வியைப் பார்த்து முடிவு செய்கிறார். 'அந்தத் தீர்ப்பு எந்தத் தேதி?' போன்ற ஒரே இடத்தில் பதில் இருக்கும் கேள்விக்குத் துண்டு போதும். 'இந்தப் பத்திரத்தில் வழிப்பாதை பற்றி எங்காவது சொல்லியிருக்கா?' என்ற கேள்விக்குத் துண்டு உதவவே உதவாது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் முழுசையும் பார்த்திருக்க வேண்டும். தேடலோ, இருந்தாலும் இல்லாவிட்டாலும், அஞ்சு துண்டைக் கொண்டுவந்து நீட்டும். அதில் ஏதோ ஒரு பாதை பற்றிய வரி இருந்தால், மாடல் அதையே பிடித்துக்கொள்ளும். 'எத்தனை தடவை', 'மொத்தம் எவ்வளவு', 'முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொன்னதற்கும் முரண் உண்டா' ஆகியவையும் இதே ரகம்.

உங்கள் போனில் எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஷூரன்ஸ் பாலிசியோ, வாடகை ஒப்பந்தமோ, பிள்ளையின் காலேஜ் விதிமுறைப் புத்தகமோ, பி.டி.எஃப்-ஐ ஏற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. ஃபைல் ஏறிவிட்டது என்று திரை காட்டுவதால் முழுசாகப் படித்தது என்று அர்த்தம் இல்லை. சில செயலிகள் சின்ன ஃபைலை முழுசாக வைக்கும். பெரிய ஃபைலை நமக்குச் சொல்லாமலே துண்டாக்கித் தேடும்.

பலர் செய்யும் சோதனை, நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு வரியைச் செருகிவிட்டு அதைக் கேட்பது. 'மாம்பழத்தின் ரகசிய விலை என்ன?' என்கிற மாதிரி. தம்பி இதைப் பார்த்துச் சிரித்தார். "அதுல ரெண்டுமே பாஸ் ஆயிடும். தேடல்ல 'மாம்பழம்'னு ஒரே ஒரு துண்டுதான் மாட்டும், கப்புனு புடிச்சுக்கும்." உண்மையான சோதனை, இரண்டு ஓரங்களையும் சேர்த்தால்தான் பதில் வரும் கேள்வி. பாலிசியில் முதல் பக்கங்களில் 'அறை வாடகை' என்றால் என்ன என்று வரையறை இருக்கும். உள்ளே வேறொரு அட்டவணையில் உங்கள் திட்டத்துக்கு வரம்பு எவ்வளவு என்று இருக்கும். இன்னும் தள்ளி, வரம்பைத் தாண்டினால் மற்ற செலவுகளிலும் விகிதாசாரமாகப் பிடிப்பார்களா என்று இருக்கும். 'நான் 6,000 ரூபாய் அறையில் இருந்தால் கையிலிருந்து எவ்வளவு போகும்?' என்று கேளுங்கள். மூன்று இடத்தையும் பக்க எண்ணோடு சொன்னால் சரி. ஒரே இடத்தை மட்டும் சொல்லி முடித்தால், துண்டு மட்டும் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மூன்று பகுதிகளையும் நீங்களே காப்பி செய்து ஒட்டி, மறுபடி கேட்டுப் பாருங்கள்.

பக்க எண் சொன்னாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தரச் சொல்லி, அதை பி.டி.எஃப்-ல் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வாக்கியம் அங்கே இல்லை, அல்லது உங்கள் பி.டி.எஃப் வெறும் போட்டோ. இரண்டாவது காரணம் நம்ம ஊரில் அதிகம். ஸ்கேன் செய்த பத்திரத்தில் எழுத்து என்று எதுவும் கிடையாது, படம்தான். எழுத்தாக மாற்றும்போது '3' எட்டாகவும் 'ள' 'ன'-வாகவும் ஆகிவிட்டால், முழுசாக வைத்தாலும் துண்டாக வைத்தாலும் தப்பு தப்புதான்.

நான் கிளம்பும்போது தம்பி அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1980-களின் கையெழுத்துப் பத்திரம் ஒன்று, ஓரத்தில் கரையான் அரித்தது. சர்வே எண்ணில் '/2' என்பதை மாடல் மூன்று விதமாகப் படிக்கிறது. "அதை விடுடா, நான் டைப் பண்ணித் தரேன்" என்று மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பெரியவருக்கு அன்றே உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் கடைசி இரண்டு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, பெயரைத் திரும்ப எழுதச் சொன்ன வரியின் கீழ் கோடு போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரம் வி.ஏ.ஓ ஆபீஸுக்குப் போய், தன் சர்வே எண்ணில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று சிட்டா எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாராம்.